‘இன்னும் வரல’: சின்ன மெசேஜ் ஏன் சுடுகிறது?

கோயம்புத்தூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. மாதாமாதம் 3பி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். அதைத் தாண்டினால் வரி கட்ட வேண்டியவருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் 15ஆம் தேதி தாண்டியதுமே யார் யார் பில் தரவில்லை என்று பட்டியல் எடுத்து வாட்ஸப்பில் ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு 18ஆம் தேதி சாயங்காலம். மோட்டார் பம்பு உதிரி பாகம் செய்கிற ஒரு பட்டறைக்காரருக்கு, “பர்ச்சேஸ் பில் இன்னும் வரல” என்று அனுப்பினேன். வயது அறுபதுக்கு மேல், எங்கள் அலுவலகத்துக்கு இருபது வருடமாக வருகிறவர். ஐந்து நிமிடத்தில் “அனுப்பியாச்சு” என்று பதில் வந்தது. “எப்போ? எனக்கு வரல” என்று திரும்பக் கேட்டேன். இரண்டு டிக்கும் நீலமானது. பதில் இல்லை. மறுநாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. 20ஆம் தேதி காலையில் பில் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, இருபது வருஷமா வர்றேன். நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டீங்களா?” என்றார். கோபத்தை விட வருத்தம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவர் பட்டறைப் பையன் பில்களைப் போட்டோ எடுத்து, அலுவலகத்தின் பழைய எண்ணுக்கு அனுப்பியிருக்கிறான். அந்த போன் இப்போது யாரும் பார்க்காமல் ஒரு டிராயரில் கிடக்கிறது. அவரும் உண்மை சொன்னார், நானும் உண்மை சொன்னேன். இரண்டு பேரும் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை. ஆனால் என் இரண்டு மெசேஜில் ஒன்று அவரை அசட்டை ஆள் என்று சொன்னது, ஒன்று அவரைப் பொய்யர் என்று சொன்னது என்றுதான் அவருக்குப் பட்டது. எனக்கோ அவருடைய “அனுப்பியாச்சு”, ‘சும்மா நச்சரிக்காதே’ என்று கேட்டது.

அன்றிலிருந்து இதைக் கவனித்து வருகிறேன். மெசேஜ் சின்னதாக இருப்பதே மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். “அப்பா சீரியஸ், உடனே புறப்படு” என்று வந்த தந்தியைப் படித்து, வணக்கம் சொல்லவில்லையே, ‘புறப்படுங்கள்’ என்று எழுதவில்லையே என்று யாராவது குறைப்பட்டிருப்பார்களா? வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று தந்தி ஆபீசில் எண்ணி வாங்குவார்கள் என்பது அனுப்பியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். சுருக்கத்துக்கான காரணம் தாளுக்கு வெளியே, இருவர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. தீபாவளி வாழ்த்துக்கும் கல்யாண வாழ்த்துக்கும் எண் போட்ட பட்டியலே வைத்திருந்தார்கள். எண்ணைச் சொன்னால் வாழ்த்து வாக்கியம் போய்ச் சேரும். எண் போட்டு வந்த வாழ்த்தையும் ஜனங்கள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

எஸ்எம்எஸ் வந்தபோதும் ஒரு காரணம் இருந்தது. ஒரு மெசேஜில் ஆங்கில எழுத்து 160 வரைதான் போகும். தமிழ் எழுத்தில் அடித்தால் அது 70ஆகக் குறைந்துவிடும், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். “வரேன்”, “சரி”, “ஓகே” என்று சுருக்கினால் காசு மிச்சம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

2013 ஜூலையோடு தந்தி நின்றுவிட்டது. எஸ்எம்எஸ்ஸும் இன்றைக்கு வங்கிக்கும் ஓடிபிக்கும் என்று ஆகிவிட்டது. வாட்ஸப்பில் வார்த்தைக்குக் காசு இல்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. அங்கே இரண்டு வார்த்தையில் ஒருவர் பதில் சொன்னால், படிக்கிறவர் மனசு தானாகவே ஒரு காரணத்தைத் தேடுகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் அடித்தாரா, மீட்டிங்கில் இருக்கிறாரா, எழுத்துக்கூட்டி அடிக்கக் கஷ்டப்படுகிறவரா என்று எதுவும் திரையில் தெரியாது. வெளியே காரணம் கிடைக்காதபோது காரணம் தன்னிடமே இருப்பதாக அவர் எடுத்துக்கொள்கிறார்: என்மேல் கோபம், என்னை மதிக்கவில்லை, இவருக்கு நான் ஒரு தொந்தரவு. நான் அன்று சாயங்காலம் நாற்பது பேருக்கு அதே மாதிரி மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் சுருக்கத்துக்குக் காரணம் அதுதான். அவர் பார்த்தது ஒரே ஒரு மெசேஜ், அதுவும் தனக்கு வந்தது.

நேரில் பேசும்போது இந்தத் தேடலுக்கே இடமில்லை. ‘சரி’ என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாகச் சொல்கிறோம் பாருங்கள். இழுத்துச் சொன்னால் அரைமனசு. வெடுக்கென்று சொன்னால் கோபம். சிரித்துக்கொண்டே சொன்னால் சம்மதம். தலையாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னால் ‘நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள்’ என்று பொருள். எழுத்தில் இவ்வளவும் உதிர்ந்து, ச, ரி என்று இரண்டு எழுத்து மட்டும் போய்ச் சேர்கிறது.

‘ம்’ என்பதன் கதை இன்னும் பரிதாபம். பாட்டி கதை சொல்லும்போது யாராவது உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். உம் கொட்டுவது என்றால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்று அர்த்தம், பேச்சைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் அது. அதே ‘ம்’ வாட்ஸப்பில் வந்தால் நேர் எதிராக வேலை செய்கிறது. அடுத்த ஆள் பத்து வரி எழுதி முடித்த பிறகு, சிறிது இடைவெளி விட்டு, தனியாக வந்து நிற்பதால் அது கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. அனுப்பியவர் உம்தான் கொட்டினார். வாங்கியவருக்கு ‘போதும் நிறுத்து’ என்று கேட்டது.

எழுதுகிறவருக்கு இது ஏன் தெரிவதில்லை? தன் மெசேஜைத் தன் குரலிலேயே படிப்பதால்தான். அமெரிக்காவில் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ நிஜமாகவோ மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நூற்றுக்கு 78 தடவை எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது 56 தடவைதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும் என்பதால், எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை என்று ஆகிறது. குரலில் சொன்னபோது எதிராளிகள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். அடித்து முடித்ததும் ஒருமுறை படித்துப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிப்பது உங்கள் காதில் உங்கள் நல்ல குரலோடுதான் விழும், அதனால் பிரயோஜனம் குறைவு. நான் இப்போது வேறு மாதிரி செய்கிறேன்: என் மெசேஜை, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவர் வெடுக்கென்று சொல்வதாக நினைத்துப் படிக்கிறேன். அப்படிப் படித்தும் சுடவில்லை என்றால் அனுப்பிவிடலாம்.

நிறுத்தற்குறியைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம், கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் வந்த மாதிரியான உரையாடல்களைக் காட்டினார்கள். பதிலின் கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனசிலிருந்து வராத பதில் என்று மதிப்பிட்டார்கள். அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தபோது புள்ளி எந்த வித்தியாசமும் செய்யவில்லை. அது ஆங்கிலம், அமெரிக்க மாணவர்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. தமிழில் புள்ளியை விடப் பெரிய வேலை செய்கிற ஒன்று இருக்கிறது. வினையின் கடைசி அசை.

‘அனுப்பு’ என்பதைத் தமிழில் எத்தனை படியாகச் சொல்லலாம் என்று பாருங்கள். அனுப்பு. அனுப்புப்பா. அனுப்புங்க. அனுப்பிடுங்க. கொஞ்சம் அனுப்புங்க. அனுப்பி வைங்க. அனுப்புறீங்களா? அனுப்ப முடியுமா? அனுப்பினாப் போதும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஓரிரு எழுத்தோ ஒரு சொல்லோதான் வித்தியாசம், ஆனால் ஒவ்வொன்றையும் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று நமக்கு யோசிக்காமலே தெரியும். ‘கொஞ்சம் நகருங்க’ என்றால் ஒரு சாண் நகர வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்களுக்குச் சிரமம் தருகிறேன் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் ‘கொஞ்சம்’. எங்கள் ஊரில் இது இன்னும் ஒரு படி மேலே. ‘சரிங்க’, ‘இல்லைங்க’, ‘ஆமாங்க’ என்று வினை இல்லாத சொல்லிலும் ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். ‘சரிங்ணா’ என்று ஒரே சொல்லில் சம்மதம், மரியாதை, உறவு மூன்றும் போய்விடும். மரியாதையை வாக்கியத்துக்கு வெளியே தனியாக வைக்காமல் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிற மொழி இது. அவசரமாக அடிக்கும்போது முதலில் உதிர்வதும் இந்தக் கடைசி அசைதான்.

இந்த இடத்தில் கோவை மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் படிக்கிற மரியாதைக் கோட்பாட்டை எழுதியவர்கள் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். 1978இல் முதலில் வெளியாகி 1987இல் தனிப் புத்தகமாக வந்த அந்த ஆய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசும் ட்செல்டால், பிறகு கோவை மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் தமிழ். ‘முகம்’ என்பதுதான் அவர்களுடைய அடிப்படைச் சொல். முகம் கொடுத்துப் பேசுவது, முகத்திலடித்த மாதிரி பேசுவது என்று சொல்லிப் பழகிய நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆசை உண்டு என்கிறார்கள்: தன்னை மற்றவர்கள் மதிக்க வேண்டும், தன்னை யாரும் நெருக்கக்கூடாது. ஒன்றைக் கேட்பது, நினைவூட்டுவது, மறுப்பது எல்லாமே இந்த இரண்டில் ஒன்றை உரசும். உரசல் எவ்வளவு பெரியது என்பதை மூன்றைக் கூட்டிப் பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. இருவருக்கும் நடுவில் உள்ள தூரம், யார் மேலே யார் கீழே என்பது, கேட்கிற காரியம் எவ்வளவு கனமானது என்பது.

பட்டறைக்காரர் விஷயத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தூரம்: அவருக்குப் பழக்கம் எங்கள் ஆடிட்டரோடுதான், என்னோடு இல்லை. மேல் கீழ்: வயதில் பெரியவர், காசு கொடுக்கிற வாடிக்கையாளர். ஆனால் அந்த வாரம் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு விரட்டுகிற ஆள் நான். கனம்: பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புவது பத்து நிமிட வேலை, அதில் கனமே இல்லை. கனத்தை நான்தான் கூட்டினேன். ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லால்.

நீளத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். “பில் வரல” என்பதை விட “பில் இன்னும் வரல” என்பது நீளம். ஆனால் நீளமானதுதான் அதிகம் சுடுகிறது. வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, தாண்டவிட்டது நீங்கள் என்று அந்தச் சொல் சுட்டுகிறது. ‘ஏற்கனவே சொன்னேன்’, ‘மறுபடியும் கேட்கிறேன்’, ‘நேத்தே அனுப்பினேனே’ எல்லாம் இந்த ரகம். அந்தக் கடைசி ‘னே’யில் இருக்கிற ஏகாரம் ஒன்று போதும், சண்டையை ஆரம்பிக்க. அவருடைய “அனுப்பியாச்சு”வும் இப்படித்தான். “அனுப்பிட்டேங்க” என்பதில் அனுப்பிய ஆள் இருக்கிறார், வாங்குகிற ஆளுக்கு மரியாதையும் இருக்கிறது. “அனுப்பியாச்சு”வில் யாருமே இல்லை. காரியம் முடிந்தது, இனி பேச ஒன்றுமில்லை என்று கோப்பை மூடுகிற வினை அது. அப்புறம் என் “எப்போ?” ஒற்றைச் சொல் கேள்வி. ஒருவர் ஒன்றைச் செய்துவிட்டேன் என்று சொன்ன உடனே வருகிற ‘எப்போ?’, சந்தேகமாகத்தான் கேட்கும்.

சரி, மரியாதை சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் இரண்டு தப்பு செய்கிறார்கள். ஒன்று, “பில் அனுப்பவும்” என்று எழுதுவது. நீயா நீங்களா என்று தேர்ந்தெடுக்கத் தேவையில்லாத வடிவம் இது, அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ‘வரிசையில் நிற்கவும்’, ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பலகையில் பார்த்துப் பழகிய வடிவம் என்பதால், தனி ஆளுக்கு வரும்போது அவர் முன்னால் பலகை நட்ட மாதிரி இருக்கிறது. அதற்கு முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தால் சரியாகிவிடாது. அந்தச் சொல்லும் பலகையில் இருப்பதுதான். பேச்சில் அதை எங்கே சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பொறுமை போன பிறகு, “தயவுசெஞ்சு என்னை விட்டுடு” என்று. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருகிற சொல்லின் வேலையைத் தமிழில் ‘கொஞ்சம்’, ‘ங்க’, ‘முடியுமா’ மூன்றும் செய்கின்றன. ‘தயவுசெய்து’ அல்ல.

இன்னொரு தப்பு, பஞ்சு அடைப்பது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், இனி யாருக்கும் கோபம் வரக்கூடாது என்று இப்படி ஒரு மாதிரி மெசேஜ் தயார் செய்தார்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்களின் மேலான ஒத்துழைப்புக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. தங்களின் கொள்முதல் பட்டியல்களைத் தயவுகூர்ந்து விரைவில் அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் பூட்டிய போனில் மேலே எட்டிப் பார்க்கிற இரண்டு வரியில் வணக்கமும் நலமும்தான் தெரியும். பண்டிகை வாழ்த்து என்று நினைத்துப் பாதிப் பேர் திறக்கவே இல்லை. திறந்தவர்களுக்கும் ‘விரைவில்’ என்றால் எப்போது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி போகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால், மரியாதை யாருக்கும் தனக்கென்று வந்ததாகத் தோன்றவில்லை. சுருக்கம் ஏன் சுடுகிறது என்று மேலே சொன்னேன், படிக்கிறவருக்குக் காரணம் தெரியாததால். இந்த மெசேஜ் ஆறு மடங்கு நீளமாகியும் அந்தக் காரணத்தைச் சொல்லவே இல்லை.

இப்போது அன்றைக்கு நான் அனுப்பியிருக்க வேண்டியது இது என்று நினைக்கிறேன்:

“அண்ணா, இந்த மாசப் பர்ச்சேஸ் பில் என் நம்பருக்கு வரலைங்க. 20ஆம் தேதி கடைசி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும்.”

முன்பு நாலு வார்த்தை, இப்போது பதினைந்துக்குச் சற்று மேல். சேர்ந்த எதுவும் அலங்காரம் இல்லை. ‘அண்ணா’ என்றதும், இது நாற்பது பேருக்குப் போனதில்லை, எனக்கு வந்தது என்று தெரிகிறது. ‘என் நம்பருக்கு’ என்பதுதான் இதில் மிக முக்கியம். பில் வரவில்லை என்றால் குற்றம் அனுப்பாதவர்மேல். என் நம்பருக்கு வரவில்லை என்றால் குற்றம் வேறு எங்காவதும் இருக்கலாம். அவருக்கு விலகி நிற்க ஒரு வழி கிடைக்கிறது. அது வெறும் நாகரிகம்கூட இல்லை. அன்றைக்கு அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால், “எந்த நம்பர்?” என்று பையனிடம் கேட்டிருப்பார், விஷயம் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ‘20ஆம் தேதி கடைசி’ என்பது அவசரத்துக்கான காரணம். விரட்டுவது நான் இல்லை, தேதி. ‘அனுப்பினாப் போதும்’, கேட்கிற காரியத்தின் கனத்தைக் குறைக்கிறது. ஒரிஜினலைக் கொண்டு வர வேண்டாம், ஸ்கேன் செய்ய வேண்டாம் என்ற தகவலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சொல்லைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று தடுமாறும்போது நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்: இதை எடுத்துவிட்டால் அவருக்கு ஏதாவது தெரியாமல் போகுமா? ‘நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்’ என்பதை எடுத்தால் ஒன்றும் குறையாது. ‘என் நம்பருக்கு’ என்பதை எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

மறுக்கும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். “இன்னிக்கு வந்து பார்க்கலாமா?” என்று ஒருவர் கேட்க, “முடியாது” என்று எழுதினால் ஆளையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நேரில் மறுக்கிறவர்கள் இப்படிச் சொல்வதே இல்லை. கொஞ்சம் தயங்குவார்கள், “அது வந்து...” என்பார்கள், அந்தத் தயக்கமே பாதி மரியாதை. எழுத்தில் தயங்க முடியாது. அதற்குப் பதில் மறுப்புக்கு ஒரு எல்லை போட்டுக் காட்ட வேண்டும்: “இன்னிக்கு ஆடிட்டர் வெளியூர்ங்க, வியாழக்கிழமை காலையில வந்தாப் பார்த்துடலாம்.” ‘முடியாது’ என்ற சொல்லே இதில் இல்லை, மன்னிப்பும் இல்லை, ஆனால் கேட்டவர் வெறுங்கையோடு போகவில்லை.

மரியாதை என்று நினைத்துச் செய்து எதிராளியைப் பயமுறுத்துகிற சுருக்கமும் ஒன்று உண்டு. “வணக்கம் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. பதில் வணக்கம் வராமல் விஷயத்தைச் சொல்வது அழகில்லை என்று பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். நேரில் அது சரி, வாசலில் நின்று வணக்கம் சொன்னால் உள்ளே வா என்று அடுத்த நொடியில் சொல்வார்கள். போனில் வணக்கத்துக்கும் விஷயத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் போய்விடலாம், அந்த இரண்டு மணி நேரமும் வாங்கியவர் என்னவோ ஏதோ என்று இருப்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற “கால் பண்ணு” இதைவிட மோசம். வயதான அப்பா அம்மா ஊரில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும். “கால் பண்ணு, நல்ல விஷயம்தான்” என்று இரண்டு சொல் சேர்த்தால் போன் எடுக்கிற வரைக்கும் அவர் நிம்மதியாக இருப்பார்.

இதற்கெல்லாம் எல்லை உண்டு. பிரவுனும் லெவின்சனும் சொன்ன தூரம் என்ற கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். நெருங்கியவர்களுக்கு நடுவில் மரியாதையைக் கூட்டினால் தூரம் கூடியதாகத்தான் படும். என் தங்கைக்கு எதையோ வாங்கிக் கொடுத்தபோது ஒருமுறை “மிக்க நன்றி அண்ணா” என்று மெசேஜ் வந்தது. உடனே போன் செய்து, “என்ன கோபம்?” என்று கேட்டேன். கோபம்தான். வழக்கமாக அவள் “வந்துச்சுடா” என்றுதான் எழுதுவாள். அவசரத்திலும் படிகள் தேவையில்லை. “ஆஸ்பத்திரிக்கு வா”, “கேஸை மூடு” என்பதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தந்தி மாதிரியே அங்கே சுருக்கத்துக்கான காரணம் கண்ணெதிரே இருக்கிறது.

அதனால்தான் ஒருவருடைய சுருக்கத்தை இன்னொருவருடைய சுருக்கத்தோடு ஒப்பிட முடியாது, அவருடைய வழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எங்கள் ஆடிட்டர் எதற்கும் “ஓகே” என்று மட்டும்தான் பதில் போடுவார். சேர்ந்த புதிதில் முதல் மாதம் பயந்தேன், பிறகு அது அவர் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. எப்போதும் “சரிங்க தம்பி” என்று எழுதுகிற ஒருவர் ஒருநாள் “சரி” என்று நிறுத்தினால் அன்றைக்குத்தான் என்ன விஷயம் என்று கேட்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க வழக்கம் என்று ஒன்றே கிடையாது. அதனால் முதல் சில மெசேஜ்களில்தான் ‘ங்க’ அதிகம் தேவைப்படுகிறது.

கடைசியாகப் பதில்களைப் பற்றி. யாராவது சிரமப்பட்டு ஒன்றை அனுப்பினால் “ஓகே” என்பதும் கட்டைவிரலும் வந்து சேர்ந்ததை மட்டும் சொல்கின்றன, பார்த்ததைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல, பார்த்தவருக்கு மட்டும் தெரிகிற ஒரு தகவலைச் சேர்த்தால் போதும். அந்தப் பட்டறைக்காரர் இப்போது பையனை விடாமல் தானே பில்களை அனுப்புகிறார். போன மாதம் 16ஆம் தேதி அவரிடமிருந்து வந்தது: “தம்பி, பில் 7 போட்டிருக்கேன். ஒண்ணு மங்கலா இருக்கும், வேணும்னா சொல்லுங்க.” ஒவ்வொன்றாகப் பெரிதுபடுத்திப் பார்த்துவிட்டு எழுதினேன்: “ஏழும் வந்துருச்சுங்ணா. மங்கலா இருக்கறதுலயும் நம்பர் படிக்க முடியுது, திரும்ப எடுக்க வேண்டாம்.”